கல்லாவில் குறைந்த 150 ரூபாய்

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில் ஒரு சிறிய கடை. பிஸ்கட், மிக்சர், பால் பாக்கெட், தண்ணீர் பாட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அண்ணாச்சியும் அக்காவும் மாறி மாறி கல்லாவில் உட்காருவார்கள். நான்கு வருடமாக உதவிக்கு ஒரு தம்பி நிற்கிறார். போன ஜூன் மாதம் ஒரு நாள் இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணாச்சி என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ரெண்டு மாசமா கல்லாவுல காசு நிக்கவே மாட்டேங்குது. வியாபாரம் நடக்கத்தான் செய்யுது. ஆளை மாத்திரலாமான்னு இருக்கேன்."

"எவ்வளவு குறையுது அண்ணாச்சி?"

"அது தெரியல. ஆனா குறையுது."

எவ்வளவு என்று தெரியாமல், எந்த நாளில் என்று தெரியாமல், நான்கு வருடம் கூடவே நின்ற ஒருவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. அண்ணாச்சி கணக்கு எழுதாதவர் இல்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு நோட்டு இருக்கிறது. தினமும் எழுதுகிறார். அந்த நோட்டைப் புரட்டினேன். ஒரு நாள்கூடக் கணக்கு இடிக்கவில்லை. எல்லாப் பக்கமும் சரியாக இருந்தது. கோளாறே அங்கேதான் இருந்தது.

எப்போதும் சரியாக வரும் கணக்கு

அண்ணாச்சி இரவில் கல்லாவை எண்ணுவார். அன்றைக்குக் கொடுத்த செலவுகளை அதோடு கூட்டுவார். காலையில் இருந்த பணத்தைக் கழிப்பார். மிச்சம் வருவதை "இன்றைய விற்பனை" என்று எழுதுவார். நம் ஊர்ப் பக்கம் பாதிக் கடைகளில் இப்படித்தான் எழுதுகிறார்கள். பில் போடாத சிறிய கடைக்கு இதுதான் சுலபமான வழி.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கல்லாவிலிருந்து யாராவது 200 ரூபாய் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எண்ணும்போது 200 குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த தொகையிலிருந்துதானே விற்பனையைக் கண்டுபிடிக்கிறோம்? அதனால் நோட்டில் விற்பனை 200 குறைவாக எழுதப்படும். கணக்கு நேராகிவிடும். காணாமல் போன 200 ரூபாய், "இன்னிக்கு வியாபாரம் கொஞ்சம் டல்" என்ற பேச்சுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு பணத்தை இரண்டு வழியாகக் கணக்கிட்டால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்க முடியும். விற்பனை ஒரு வழியாகத் தெரியவேண்டும். கல்லாவில் உள்ள பணம் இன்னொரு வழியாகத் தெரியவேண்டும். இரண்டும் இரவில் சந்திக்கும்போது வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய செய்தி.

சிட்டை என்ற துண்டுத்தாள்

அதற்கு வேண்டியது ஒரு துண்டுத்தாள். பழைய கடைக்காரர்கள் இதைச் சிட்டை என்பார்கள். கல்லா மேல் ஒரு அட்டையில் கிளிப் போட்டு வைத்து, பேனாவை நூலால் கட்டிவிடுங்கள். தாளில் இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தியாக்கி ரொக்கம், ஜிபே, கடன் என்று தலைப்பு எழுதுங்கள். ஒருவர் 45 ரூபாய்க்கு வாங்கிக் காசு கொடுத்தால் முதல் பத்தியில் 45. போனில் அனுப்பினால் இரண்டாம் பத்தியில் 45. "சம்பளத்தன்னிக்குத் தாரேன்" என்று மில் வேலைக்குப் போகிறவர் சொன்னால் மூன்றாம் பத்தியில் 45, பக்கத்தில் அவர் பெயர். என்ன பொருள் என்று எழுதத் தேவையில்லை. தொகை மட்டும் போதும். ஒரு விற்பனைக்கு மூன்று விநாடி.

காலை, மதியம், மாலை என்று மூன்று தாளாகப் பிரித்தால் கூட்டுவது சுலபம். பிறகு தவறு தேடும்போது எந்த நேரத்துத் தாள் என்றும் தெரியும்.

இது புதுப் பழக்கம் இல்லை. 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி என்ற கணித ஆசிரியர் அச்சிட்ட புத்தகத்தில் அந்த ஊர் வணிகர்கள் கணக்கு வைக்கும் முறையை விவரித்திருக்கிறார். முதலில் நடந்ததை நடந்தபடி எழுதும் ஒரு ஏடு, அடுத்து நாள்வாரியாக ஒழுங்குபடுத்தும் ஏடு, கடைசியில் பேரேடு. முதல் ஏட்டில் முதலாளி மட்டும் இல்லை, கடையில் யார் இருக்கிறாரோ அவர் எழுதலாம் என்கிறார். நம்முடைய சிட்டை, நாள் கணக்கு, பேரேடு என்ற வரிசையும் அதேதான். சின்னக் கடைக்குப் பேரேடு வரை போகவேண்டியதில்லை. சிட்டையும் நாள் கணக்கும் போதும்.

ஒரு நாள், ஒரு பக்கம்

மறுநாளே தொடங்கினோம். அந்த முதல் பக்கம் இதோ. திரையில் அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு, உங்கள் நோட்டில் இதே மாதிரி கோடு போடலாம்.

ரொக்கக் கணக்கு: 12.06.2025, வியாழன்

வரவு
காலை ஆரம்ப இருப்பு: 3,240
ரொக்க விற்பனை, காலைச் சிட்டை: 2,865
ரொக்க விற்பனை, மதியச் சிட்டை: 1,740
ரொக்க விற்பனை, மாலைச் சிட்டை: 4,385
பழைய கடன் வசூல்: 650
மொத்தம்: 12,880

செலவு
பால்கோவா 8 கிலோ (கிலோ 290): 2,320
ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வர: 60
பால் பாக்கெட்: 760
பிஸ்கட் ஏஜென்சி: 1,850
தம்பி சம்பளம்: 450
டீ: 40
வீட்டுக்கு எடுத்தது: 500
பேங்கில் கட்டியது: 4,000
மொத்தம்: 9,980

நோட்டுப்படி இருக்கவேண்டியது: 2,900
கல்லாவில் எண்ணியது: 2,750
வித்தியாசம்: 150 குறைவு

தனியாக: ஜிபே சிட்டைப்படி 3,265, கடன் கொடுத்தது 480

இந்தப் பக்கத்தில் நான்கு வரிகளை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள்.

முதல் வரி, ஆரம்ப இருப்பு. காலையில் கடை திறக்கும்போது சில்லறையோடு சேர்த்துக் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்பது. முந்தின நாள் இரவு எண்ணிய தொகையும் இதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால், இரவு பூட்டியதற்கும் காலையில் திறந்ததற்கும் நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது வீட்டு ஆள்தான். பால்காரருக்குக் கொடுக்கச் சாவியை வாங்கியிருப்பார்கள்.

பிஸ்கட் ஏஜென்சி வரியில் 1,850 என்று இருக்கிறது. அன்றைய பில் உண்மையில் 2,450. மீதி 600 ரூபாயை அடுத்த வாரம் தருவதாகப் பேச்சு. ரொக்கக் கணக்கில் கைமாறிய பணம் மட்டும்தான் வரும். 2,450 என்று எழுதியிருந்தால் நோட்டுப்படி இருப்பு 600 குறைந்து, கல்லாவில் 600 கூடுதலாக இருப்பது போலத் தோன்றும். அந்த 600 கொடுக்கவேண்டிய பாக்கி நோட்டுக்குப் போகவேண்டும்.

இதே காரணத்துக்காகத்தான் கடன் விற்பனை 480 வரவில் இல்லை. பணம் வந்த நாளில் கடன் வசூல் என்று வரும். அன்றைக்கு மில் தொழிலாளி ஒருவர் போன மாதக் கடனாகத் தந்த 650 அப்படி வந்ததுதான். ஜிபேயில் வந்த பணமும் நேராக பேங்குக்குப் போய்விடுகிறது. கல்லாவைத் தொடவே இல்லை. அதனால் அது பக்கத்தின் அடியில் தனியாக நிற்கிறது.

நான்காவது, "வீட்டுக்கு எடுத்தது 500". இந்த வரி அண்ணாச்சியின் பழைய நோட்டில் எங்குமே இல்லை. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எண்ணுங்கள், பிறகு கணக்குப் போடுங்கள்

இரவில் கல்லாவை எண்ணுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நோட்டுப்படி 2,900 இருக்கவேண்டும் என்று தெரிந்த பிறகு எண்ண உட்கார்ந்தால், கை 2,900-ஐத் தேடியே எண்ணும். 50 ரூபாய் நோட்டு நான்கா ஐந்தா என்று சந்தேகம் வந்தால் மனசு ஐந்து என்று சொல்லும். அதனால் ஒருவர் பணத்தை எண்ணட்டும், இன்னொருவர் நோட்டைக் கூட்டட்டும். இரண்டு பேரும் முடித்தபிறகு தொகையைச் சொல்லிக்கொள்ளுங்கள். ஒருவரே என்றால், முதலில் எண்ணி, தாளில் எழுதி, மடித்து வைத்துவிட்டுக் கூட்டுங்கள்.

அன்று அக்கா எண்ணினார். 500 ரூபாய் நோட்டு 2, ஆக 1,000. 200 நோட்டு 3, ஆக 600. 100 நோட்டு 6, ஆக 600. 50 நோட்டு 4, ஆக 200. 20 நோட்டு 9, ஆக 180. 10 நோட்டு 8, ஆக 80. சில்லறைக் காசு 90. மொத்தம் 2,750. அண்ணாச்சி நோட்டைக் கூட்டி 2,900 என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அண்ணாச்சி ஷட்டர் பக்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தார். அவர் வெளியே கிரேட் அடுக்கிக்கொண்டிருந்தார்.

150 எங்கே போச்சு?

"பாத்தியளா? சொன்னேன்லா?" என்றார் அண்ணாச்சி.

"கொஞ்சம் பொறுங்க. அந்த 150-யே என்ன நடந்துச்சுன்னு சொல்லும்."

வித்தியாசம் வந்தால் மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் மறுபடி கூட்டத் தேவையில்லை. தொகையை வைத்தே எங்கே தேடுவது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

முதலில், அதே தொகை. 150 ரூபாய்க்கு ஏதாவது செலவு எழுதாமல் விடுபட்டிருக்கிறதா? கோவில் கொடை வசூல், ஆட்டோ, பல்பு. அக்கா யோசித்தார், எதுவும் இல்லை.

அடுத்து, அதில் பாதி. ஒரு தொகையை வரவில் எழுதுவதற்குப் பதிலாகச் செலவில் எழுதிவிட்டால், அல்லது செலவை வரவில் எழுதிவிட்டால், வித்தியாசம் இரண்டு மடங்காக வரும். 150-இல் பாதி 75. பக்கத்தில் 75 என்று எங்கும் இல்லை.

மூன்றாவது, 9-ஆல் வகுத்துப் பார்ப்பது. 540 என்பதை 450 என்று எண்ணை மாற்றி எழுதினால் வித்தியாசம் 90. 81-ஐ 18 என்று எழுதினால் 63. பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 150 அப்படி வகுபடாது. ஆகவே இது அந்தத் தவறு இல்லை.

நான்காவதாகத்தான் போனை எடுத்தோம். இன்றைக்குக் கடைகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். ஜிபேயில் அன்று கடைக்கு வந்த பணத்தையெல்லாம் கூட்டினோம். 3,415 வந்தது. சிட்டையின் ஜிபே பத்தியில் 3,265. நடுவில் 150.

மாலைச் சிட்டையைப் பார்த்தோம். ரொக்கம் பத்தியில் 150 என்று ஒரு வரி. அண்ணாச்சியின் கையெழுத்து. போனில் ஏழேகால் மணிக்கு 150 வந்திருக்கிறது. கூட்டம் நின்ற நேரம், ஒலிப்பெட்டி சொன்னதை அண்ணாச்சி காதில் வாங்காமல் ரொக்கப் பத்தியில் எழுதிவிட்டார். பணம் பேங்கில் பத்திரமாக இருந்தது. கல்லாவைத் தொடாத பணத்தைக் கல்லாவில் தேடிக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்காதான், "நல்லவேளை, அந்தப் பையன்கிட்ட ஒண்ணும் கேக்கல" என்றார்.

அழிக்காதீர்கள், அடித்து எழுதுங்கள்

தவறு தெரிந்தபிறகு பக்கத்தைத் திருத்தவேண்டும். மாலைச் சிட்டை 4,385 என்ற எண் மேல் ஒரே கோடு. படிக்க முடியும்படி இருக்கவேண்டும். பக்கத்தில் 4,235 என்று எழுதி, திருத்தியவர் சின்னதாகக் கையெழுத்துப் போடவேண்டும். மொத்தம் 12,880 இப்போது 12,730 ஆகும். அதில் 9,980 போனால் 2,750. கல்லாவில் இருப்பதும் 2,750. ஜிபே வரி 3,415 என்று மாறும்.

வெள்ளை மை பூசாதீர்கள். தாளைக் கிழித்து வேறு பக்கத்தில் எழுதாதீர்கள். திருத்தம் தெரிந்தால்தான் ஒரு மாதம் கழித்துப் புரட்டும்போது எந்தத் தவறு அடிக்கடி வருகிறது என்று தெரியும். பக்கத்துக்கு எண் போட்ட நோட்டு வாங்கினால் இன்னும் நல்லது. பென்சில் வேண்டாம்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால்? சில நாள் அப்படித்தான். 20 ரூபாய்க்கு அரை மணி நேரம் உட்காராதீர்கள். "கல்லா குறைவு 20" என்று செலவுப் பக்கம் ஒரு வரி எழுதி, எண்ணிய தொகையையே நாளைய ஆரம்ப இருப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். செய்யக்கூடாதது ஒன்று: சட்டைப் பையிலிருந்து 20 ரூபாயைப் போட்டுச் சரிக்கட்டுவது. கூடுதலாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வதும் அதே தப்புதான். கூடுதல் என்றால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. யாருக்கோ பாக்கிச் சில்லறை கொடுக்கவில்லை, அல்லது விற்றதை எழுதவில்லை என்று அர்த்தம்.

ஒரு வாரம் எழுதியபிறகு வித்தியாச வரிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ஒரு நாள் 10 கூடுதல், ஒரு நாள் 5 குறைவு, ஒரு நாள் சரி என்று இரண்டு பக்கமும் ஆடினால் அது சில்லறை கொடுப்பதில் வரும் தடுமாற்றம். எந்தக் கடையிலும் இருக்கும். தொடர்ந்து குறைவாகவே வந்தால், அதுவும் நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று முழு நோட்டுகளாகவே குறைந்தால், அப்போது யோசிக்கவேண்டும். அப்போதும் முதலில் எந்த நேரத்துச் சிட்டை, அப்போது கல்லாவில் யார் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பேசவேண்டும்.

தேர் அன்றைக்கு எப்படி எழுதுவது?

"இதெல்லாம் ஆள் வரும்போது ஒண்ணு ஒண்ணா எழுதலாம். எங்க ஊர்ல ஆடிப்பூரத் தேரன்னிக்குச் சிட்டை எழுத முடியுமா?" என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டாள் கோவில் தேருக்கு வந்த கூட்டம் கடை முன்னால் நிற்கும்போது பேனாவைத் தேட முடியாது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த அந்த ஊர்ப் பால்கோவாவை வாங்காமல் போக, வந்தவர்களுக்கும் மனசு வராது.

அந்த நாளுக்கு வேறு வழி இருக்கிறது. பணத்தை எழுத முடியாவிட்டால் சரக்கை எண்ணுங்கள். உதாரணத்துக்கு, காலையில் கால் கிலோ பெட்டி 120 எடுத்து வைக்கிறீர்கள். ஒன்று 90 ரூபாய். இரவில் 34 மிச்சம். ருசி பார்க்கக் கொடுப்பதற்கு ஒரு பெட்டியை உடைத்தீர்கள். ஆக, விற்றது 85 பெட்டி. 85 பெட்டிக்கு 7,650 ரூபாய் வந்திருக்கவேண்டும். போனைப் பார்த்தால் ஜிபேயில் 2,610. மீதி 5,040 ரொக்கமாக வந்திருக்கவேண்டும். இந்த 5,040-ஐத்தான் ரொக்க விற்பனை என்று எழுதி, கல்லாவோடு ஒப்பிடவேண்டும். இதுவும் பணத்தை எண்ணாமலே விற்பனையைத் தெரிந்துகொள்ளும் வழிதான். சிட்டை செய்யும் வேலையையே பெட்டிகள் செய்கின்றன.

இந்த வழி, ஒரே விலையில் பெட்டியாக விற்கும் கடைக்கு நன்றாக வரும். நிறுத்துக் கொடுக்கும் கடையில் அவ்வளவு துல்லியம் வராது. ஒவ்வொரு முறையும் தராசில் சில கிராம் கூடப் போகும். 10 கிலோ வாங்கினால் 10 கிலோவாக விற்காது. அதேபோல் நூறு வகைச் சரக்கு உள்ள மளிகைக் கடையில் எல்லாவற்றையும் எண்ண முடியாது. அங்கே சிட்டைதான்.

தேர் நாளில் இன்னொரு காரியம். கல்லா நிறைய நிறைய, பெரிய நோட்டுகளை எடுத்து எண்ணி ஒரு உறையில் போட்டு, உறைமேல் தொகையும் நேரமும் எழுதிப் பூட்டி வையுங்கள். இரவில் உறைகளையும் கல்லாவையும் சேர்த்து எண்ணினால் போதும்.

ஜிபேயைக் கூட்டும்போதும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கடைப் பணமும் சொந்தப் பணமும் ஒரே கணக்கில் வந்தால், சென்னையிலிருந்து மகன் அனுப்பிய 2,000 ரூபாயும் விற்பனையாகத் தெரியும். கடைக்கு என்று தனிக் கணக்கும் தனிக் கியூஆர் அட்டையும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது, வாடிக்கையாளர் தன் போனைக் காட்டியதை நம்பி எழுதாதீர்கள். உங்கள் போனில் வந்திருப்பதைத்தான் கூட்டவேண்டும்.

அந்த "வீட்டுக்கு எடுத்தது" வரி

இனி முதலில் விட்ட இடத்துக்கு வருவோம். அண்ணாச்சி கடையில் ஆறு நாள் எழுதியபிறகு ஆறு பக்கத்தையும் விரித்து வைத்தோம். வித்தியாச வரியில் முதல் நாள் 150-க்குக் காரணம் கிடைத்துவிட்டது. மற்ற நாள்களில் 10 கூடுதல், 5 குறைவு, சரி, 20 குறைவு, 5 கூடுதல். இரண்டு மாதமாகப் பயந்த அளவுக்கு அங்கே எதுவும் இல்லை.

ஆனால் "வீட்டுக்கு எடுத்தது" வரியைக் கூட்டினால் 500, 200, 1,450, 300, 650, 400. ஆறு நாளில் 3,500 ரூபாய். காய்கறி, பேத்திக்குப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண மொய். எதுவும் வீண் செலவு இல்லை. எடுத்தவர்கள் இரண்டு பேரும்தான். ஒருவர் எடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. முன்பு இதெல்லாம் நோட்டில் ஏறாமல், விற்பனையைக் குறைத்துக் காட்டிக்கொண்டு இருந்தது. கல்லாவில் நிற்காத காசு வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

"நானா இவ்வளவு எடுத்தேன்?" என்று அக்கா பக்கங்களை மறுபடி பார்த்தார். "நீங்க மட்டும் என்னவாம்" என்று அண்ணாச்சியைக் காட்டினார். 1,450 அவர் எடுத்தது.

வீட்டுக்கு எடுக்கக்கூடாது என்று இல்லை. கடை நடத்துவதே வீட்டுக்காகத்தானே. ஆனால் அது கடைச் செலவு இல்லை. பால்கோவாவுக்குக் கொடுத்த 2,320 திரும்ப விற்பனையாக வரும். வீட்டுக்கு எடுத்த 500 கடைக்குத் திரும்பாது. இரண்டையும் வேறு வேறாக எழுதினால்தான், கடை சம்பாதிக்கிறதா, சம்பாதிப்பதை விட அதிகமாக வீடு எடுக்கிறதா என்று மாதக் கடைசியில் பார்க்க முடியும். இப்போது அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு: திங்கட்கிழமை ஒரே தடவையாக 3,000 எடுத்து அக்கா கையில் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் எடுத்தால் சிட்டையில் எழுதிவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இரவில் கல்லாவில் நிற்கும் 2,750 அன்றைய லாபம் இல்லை. அதில் காலையில் இருந்த பணம் இருக்கிறது. பழைய கடன் வசூல் இருக்கிறது. ஏஜென்சிக்குக் கொடுக்கவேண்டிய 600 இருக்கிறது. ரொக்கக் கணக்கு பணம் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். லாபம் பார்க்கச் சரக்கு இருப்பும், வரவேண்டிய கடனும், கொடுக்கவேண்டிய பாக்கியும் வேண்டும்.

போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். ஒன்பதரை மணி. அண்ணாச்சி நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தது அந்தத் தம்பி. எண்ணி முடித்து, தாளில் எழுதி, மடித்து அண்ணாச்சி முன்னால் வைத்தார்.

"சொல்லட்டா அண்ணாச்சி?"

"இருப்பா, நான் முடிச்சுக்கிடுதேன்."

அடுத்த வாரம்: கடன் நோட்டு. யாருக்கு எவ்வளவு வரை, எத்தனை நாள் வரை என்பதைப் பார்ப்போம்.